மருந்து ஏற்கப்படாததற்குக் காரணம்

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கவில்லை. சக்கரத்திலும் தொடங்கவில்லை. யாரோ ஒருவன் ஒரு பானையை மூடி, உள்ளே என்ன இருக்கிறது என்று அதன் மேல் எழுதிவைத்தானே, அந்த நிமிடத்தில் தொடங்கியது. அதற்கு முன்னால் இருந்தவையெல்லாம் வெறும் பானைகள். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. பழனி மலைத்தொடர் முழுவதிலும், கீழே ஒட்டன்சத்திரம் வரைக்கும் சேர்த்துக்கொண்டாலும், லேபிள் என்ற விஷயத்தை அடிமுதல் நுனிவரை அறிந்த ஒரே ஆள் நான்தான் என்பதைப் பதிவு செய்துவிட்டு மேலே போகிறேன்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் பஜாரில் எங்கள் அத்தா பஷீர் அகமது ஒரு கடை வைத்திருக்கிறார். சாக்லேட், தைலம், தேன், தாண்டிக்குடிக் காபித்தூள், பெரும்பாறை மிளகு. இவையெல்லாம் கடைக்கு வரும்போது மூட்டையாகவும் கேனாகவும் தட்டாகவும் வருகின்றன. அப்போது அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் லேபிள் ஒட்டிய பிறகு சென்னைக்காரர்கள் கையில் எடுத்து, படித்து, தலையை ஆட்டி, மூன்று வாங்குகிறார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து ஒட்டுகிறேன். இப்போது ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். மூன்றாம் வருஷம். இந்தக் கதை நடந்தபோது படிப்பு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். படிப்பு விடுமுறை என்பதும் ஒரு லேபிள்தான். உள்ளே வேறு சரக்கு இருந்தது.

என் அக்கா ரபியா கடைக்குப் பின்னால் இருக்கும் அடுப்பங்கரையில் சாக்லேட் கிண்டுகிறாள். மச்சான் திருப்பூரில் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். அவர்கள் மகள் ஆஃப்ரா மூன்றாம் வகுப்பு. அவளுக்கு வீசிங் உண்டு. அதற்காக இரண்டு இன்ஹேலர்கள். காபிக்கலர்க் கூட்டில் இருப்பது தினமும் காலையிலும் ராத்திரியிலும் இரண்டு தடவை இழுக்க வேண்டியது. மூச்சு திணறாமலே பார்த்துக்கொள்ளும். நீலக் கூட்டில் இருப்பது திணறும்போது இழுக்க வேண்டியது. அப்போதைக்கு மூச்சைத் திறந்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்: புஸ். நீலப் புஸ், காபிப் புஸ். நீலப் புஸ் அவளோடு பள்ளிக்கூடம் போய் வரும்.

ஒரு வியாழக்கிழமை ஆஃப்ரா சாப்பாட்டுப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் வந்தது. பாதியில் எலுமிச்சைச் சாதத்தின் மஞ்சள் எண்ணெய் ஏறியிருந்தது. பெற்றோர் கவனத்திற்கு. குழந்தைகளுக்கு அனுப்பும் மருந்துகளின் பெயர் ஒட்டுதல், பேக்கிங் குறித்து. கீழே கையெழுத்து: முருகேஸ்வரி, பள்ளிச் செவிலியர்.

ஒரு தொழில்காரன் இன்னொரு துறைக்காரர் தன் தொழிலைப் பற்றி எழுதியதைப் படிக்கும்போது என்ன மரியாதையோடு படிப்பானோ அந்த மரியாதையோடு, அடுப்பங்கரை மேடையில் ஏறி உட்கார்ந்து, சத்தமாகப் படித்தேன். அக்கா கிண்டிக்கொண்டிருந்தாள்.

“மருந்தை வாங்கிய பெட்டியோடு, வாங்கிய குப்பியிலேயே அனுப்பவும். வேறு குப்பியில், குறிப்பாகத் தேன் குப்பி, தைலக் குப்பி ஆகியவற்றில் ஊற்றி அனுப்ப வேண்டாம்.” நிறுத்தினேன். “பாத்தியாக்கா, நம்ம குப்பியப் பேரு சொல்லாமச் சொல்லுது.”

“நம்ம குப்பி மட்டுமா. ஊரெல்லாம் தைலக் கடை.”

“மாத்திரையைப் பிரித்துக் காகிதத்தில் மடித்து அனுப்ப வேண்டாம். கடையில் அட்டையை வெட்டித் தரும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்கவும். அப்ப, கடைசியா வாங்குறவன் வெறும் அட்டைய வாங்கணும். அவன் புள்ளைக்கு யாரு பொறுப்பு?”

“படி ஏலே.”

“டாக்டர் சீட்டின் நகல், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்திட்ட படிவம். மருந்தைப் பெரியவர் ஒருவர் நேரில் வந்து கொடுக்கவும்; குழந்தையின் பையில் வைத்து அனுப்ப வேண்டாம். இன்ஹேலருக்கு மட்டும் விலக்கு: ஒன்று குழந்தையின் பையில், இன்னொன்று சிக் ரூமில். காலையிலும் ராத்திரியிலும் மட்டும் கொடுக்க வேண்டிய மருந்தை வீட்டிலேயே கொடுக்கவும், பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். ஆகக்கூடி, மருந்து அனுப்புறதப் பத்தி எழுதுன தாளுல, மருந்தே அனுப்பாதீங்கன்னு ஒரு பாயின்ட்.”

அக்கா சிரித்தாள். சிரிக்கும்போதும் கரண்டியை நிறுத்தவில்லை.

கடைசிக்கு முந்திய பாயின்ட்தான் என்னைச் சீண்டியது. பெட்டியில் மட்டும் பெயர் எழுத வேண்டாமாம், பெட்டி தொலைந்துவிடுமாம். இன்ஹேலரின் பிளாஸ்டிக் கூட்டின் மேலும், உள்ளே இருக்கும் அலுமினியக் குப்பியின் மேலும், குழந்தையின் பெயரையும் வகுப்பையும் எழுத வேண்டுமாம். வெள்ளைப் பிளாஸ்திரியைச் சின்னதாக வெட்டி ஒட்டி, அதில் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் போதுமாம். அது மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் மறைக்கக் கூடாதாம்.

“பிளாஸ்திரியாம்,” என்றேன். “பால்பாயின்ட்டாம். காயத்துக்குப் போடுறத எடுத்து லேபிளுன்னு ஒட்டச் சொல்றாங்க. அக்கா, இத எழுதுன அம்மா வாழ்நாள்ல ஒரு நல்ல லேபிளப் பாத்ததில்ல.”

“அப்ப நீ ஒட்டு,” என்றாள் அக்கா. “பெரிய இவன். திங்கக்கெழமைக்குள்ள ஒட்டி வையி. ஞாயித்துக்கெழமை கடையில கூட்டம், எனக்குச் சோலி கெடக்கு.”

ஒரு பொறுப்பு இப்படித்தான் உரிய கைக்கு வந்து சேர்ந்தது.

அக்கா இரண்டு கூடுகளையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் கழுவுவாள். அலுமினியக் குப்பியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பிளாஸ்டிக்கை மட்டும் கழுவி, உதறி, காயவைக்க வேண்டும். கொடைக்கானலில் எதுவும் தானாகக் காய்வதில்லை. அதனால் சனிக்கிழமை சாயந்தரம் கழுவிய கூடுகள் சாக்லேட் காயும் தட்டுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்கக் கிடக்கும். குப்பிகள் இரண்டும் அடுப்புச் சூடு படாமல் தள்ளி, ஜன்னல் விளிம்பில்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா கடைக்குப் போனதும் வேலையில் இறங்கினேன். தேன் குப்பிக்கு நாங்கள் போடும் தங்க ஓரம் வைத்த ஸ்டிக்கர் தாள் இருந்தது. அதில் ஆஃப்ராவின் பெயர் வளைந்த எழுத்தில், கீழே வகுப்பு, இரண்டு பக்கமும் காபி இலை. தொழிலின் சட்டதிட்டங்களை விடாமல், நிகர எடை பத்தொன்பது கிலோ, ஆஃப்ராவோடு சேர்த்து, என்று போட்டேன். குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும், கொடைக்கானலில் வேறு இடம் கிடையாது, என்று போட்டேன். பச்சைப் புள்ளியும் வைத்தேன், சுத்த சைவம்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. புது லேபிள் பழைய லேபிளை முழுசாக மூட வேண்டும். ஓரத்தில் பழைய எழுத்து ஒரு நூல் தெரிந்தாலும் வாங்குகிறவன் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அப்புறம் வைத்துவிட்டுப் போய்விடுவான். அதனால் லேபிளைக் குப்பியின் சுற்றளவுக்குச் சரியாக அளந்து வெட்டி, முனையும் முனையும் சேருகிற மாதிரி, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினேன். பள்ளிக்குப் போவது ஒன்றுதான் என்றாலும், ஒன்றுக்கு மட்டும் ஒட்டினால் ஜோடி பொருந்தாது என்று இரண்டுக்கும் ஒட்டினேன்.

தள்ளி நின்று பார்த்தேன். ஜன்னல் விளிம்பில் இரண்டு தங்க உருளைகள், அச்சில் வார்த்த மாதிரி, ஒன்றுக்கொன்று மயிரளவு வித்தியாசம் இல்லாமல் நின்றன. அதைப் போட்டோ எடுத்து என் கல்லூரிக் கூட்டாளி ஜெயமுருகனுக்கு அனுப்பினேன். “மச்சி, இதுல எது மருந்து?” என்று கேட்டு எழுதினான். அழகைப் புரிந்துகொள்ளத் தெரியாதவன் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒன்றை நீலக் கூட்டில் போட்டேன். இன்னொன்றைக் காபிக்கலர்க் கூட்டில். கொஞ்சம் இறுக்கமாக உள்ளே போயின. நல்ல பேக்கிங் அப்படித்தான் இருக்கும்.

அந்த வாரம் மஞ்சு விடவில்லை. அந்த மூடுபனியில் காலை பத்து மணிக்கும் பஜாரில் லைட் எரிந்தது. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆஃப்ரா இருமத் தொடங்கினாள். புதன்கிழமை அதிகமானது.

“மஞ்சு,” என்றார் அத்தா.

“சாக்லேட்டு,” என்றேன் நான். “அடுப்பங்கரையில இவ கை சும்மா இருக்குதா?”

“ரெண்டு வேளையும் புஸ் ஒழுங்கா குடுக்கத்தான செய்யிறேன்,” என்றாள் அக்கா. காபிக்கலர்க் கூட்டை ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழலில் செருகி, குலுக்கி, அவள் வாயில் வைத்து அமுக்கினாள். ஆஃப்ரா எண்ணி எண்ணி மூச்சு இழுத்தாள். அப்புறம் வாய் கொப்பளித்தாள். எல்லாம் விதிப்படி நடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிச் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை அம்மாவும் அக்காவும் ஒரு நிக்காஹ்வுக்காக வெள்ளனே பஸ் ஏறி வத்தலக்குண்டுக்குப் போனார்கள். பன்னிரண்டு மணிக்கு என் போன் அடித்தது.

“ஆஃப்ரா வீடுங்களா? ஸ்கூல்ல இருந்து நர்ஸ் முருகேஸ்வரி பேசுறேன். மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், பாப்பா நல்லா இருக்கா. இந்தா உக்காந்து பேசிக்கிட்டு இருக்கா. அம்மா நம்பர் எடுக்கல, அதான் ரெண்டாவது நம்பருக்கு அடிக்கிறேன். நீங்க யாரு?”

“மாமா. ரஷாத்.”

“ஓ. லேபிள் மாமாவா?”

என் புகழ் எனக்கு முன்னால் போயிருந்தது. அதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. குரல் அப்படி இருந்தது.

“வீட்டுல இன்னொரு இன்ஹேலர் இருக்கும்ல, காபிக்கலரு. அதையும் எடுத்துக்கிட்டு வெரசா வாங்க. பெட்டி இருந்தா பெட்டியோட.”

பெட்டி இல்லை. பெட்டிகள் இரண்டையும் என் லேபிள் வெட்டுத்துண்டுகளோடு சேர்த்து ஞாயிற்றுக்கிழமையே குப்பையில் போட்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் ஏரிக்கு மேலே. பைக்கில் போகும்போது மஞ்சுக்குள் முன்னால் போகும் வேனின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டுத்தானே மற்றதைச் சொன்னார்கள் என்று எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன். மூன்றாவது முறை சொல்ல முடியவில்லை.

சிக் ரூம் சின்ன அறை. இரண்டு கட்டில், ஒரு பூட்டுப் போட்ட அலமாரி, ஒரு மேஜை. ஆஃப்ரா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கழுத்துக்குக் கீழே குழி இன்னும் லேசாக உள்ளே போய் வந்தது.

“மாமா,” என்றாள், “நீலப் புஸ் வேலை செய்யல மாமா.”

பி.டி. பீரியடில் ஓடியிருக்கிறாள். மூச்சு இழுத்திருக்கிறது. குமாரவேல் சார் அவள் பையிலிருந்து நீலத்தை எடுத்து, ஸ்பேசரில் வைத்து இரண்டு தடவை கொடுத்திருக்கிறார். கொஞ்சம் பார்த்திருக்கிறார். குறையவில்லை. கூடியிருக்கிறது. தூக்கிக்கொண்டு சிக் ரூமுக்கு ஓடி வந்திருக்கிறார்.

முருகேஸ்வரி சிஸ்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைக் கோட்டு. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். பைக்கில் இரண்டு பதில்கூட வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. கேட்டார்.

“தம்பி, இதுக்குள்ள என்ன மருந்து?”

மேஜையில் நீலக் கூடு. பக்கத்தில் தனியாகக் கழற்றி வைத்த தங்கக் குப்பி.

“நீலம், சிஸ்டர். மூச்சு திணறுனா...”

“கூடு நீலம். மருந்து என்ன?”

நான் குப்பியை எடுத்துத் திருப்பினேன். ஆஃப்ரா, மூன்றாம் வகுப்பு. காபி இலை. நிகர எடை. இன்னும் திருப்பினேன். காபி இலை. முனையும் முனையும் சேரும் இடம் தெரியவேயில்லை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தேன்.

“தெரியலைல்ல,” என்றார் அவர். “எனக்கும் தெரியல. பேரு தெரியல, தேதி தெரியல. தெரியாத மருந்த நான் குடுக்க மாட்டேன். சிக் ரூமுக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்து ஒண்ணு வச்சிருக்கோம், அதுல நாலு குடுத்தேன். ஒவ்வொண்ணா. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சாறு மூச்சு. பத்து நிமிஷத்துல எறங்குச்சு. எறங்கலன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருப்பேன், போன் அங்கேருந்து வந்திருக்கும்.”

அவர் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து லேபிளின் ஓரத்தைத் தேய்க்கத் தொடங்கினார். நல்ல பசை. நேரம் எடுத்தது. அத்தனை நேரமும் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்து என் லேபிள் ஒன்றை யாரும் என் முன்னால் உரித்ததில்லை.

உள்ளே இருந்த எழுத்து தெரிந்தது. தினமும் காலையிலும் ராத்திரியிலும் இழுக்க வேண்டிய மருந்தின் பெயர்.

அவர் கையை நீட்டினார். நான் ஜாக்கெட்டிலிருந்து காபிக்கலர்க் கூட்டை எடுத்துக் கொடுத்தேன். அதன் தங்கத்தை உரிக்கும் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. பி.காம். படித்தவனுக்கு அந்த அளவு கழித்தல் தெரியும். ஆனாலும் அவர் உரித்தார். நீலத்துக்கு உரிய மருந்து.

“எப்ப மாத்துனீங்க?”

“ஞாயித்துக்கெழமை.”

“அப்ப ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், இன்னைக்கிக் காலைல.” அவர் விரலை மடக்கினார். “நாலு நாளா தடுக்குற மருந்து உள்ள போகல. அதுக்குப் பதிலா இது போயிருக்கு. இது அப்பப்பக் கொஞ்ச நேரத்துக்கு நிக்கும், தடுக்காது. ராத்திரி இருமுனாளா?”

“செவ்வாய்க்கெழமையிலருந்து.”

“ம்.”

மஞ்சு என்றும் சாக்லேட் என்றும் நாங்கள் வழங்கிய தீர்ப்புகள் எனக்குள் வரிசையாக வந்து நின்றன. அவற்றில் ஒன்று என்னுடையது. வரிச் சட்டப் புத்தகத்தின் மேலாகத் தலையைத் தூக்காமலே சொன்னது.

“தப்பா நெனைக்காதீங்க,” என்று மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். “இது நான் வாங்காம வச்சது. வீட்டுக்காரங்க வந்தா திருப்பிக் குடுக்கணும், பாதிப் பேரு வர்றதில்ல. பாருங்க.”

காகித மடிப்புகளில் மாத்திரைகள்; வெள்ளையாக, வட்டமாக, எதுவாகவும் இருக்கக்கூடியவை. வெட்டிய அட்டைத் துண்டுகள், எழுத்து இல்லாத பக்கம். அப்புறம் சின்னக் குப்பிகள் ஐந்தாறு. அதில் மூன்றில் என் எழுத்து. ஜூன் மாதம் நான் புதிதாக வரைந்த யூகலிப்டஸ் இலை.

“இதுல என்ன இருக்குன்னு படிங்க.”

“யூகலிப்டஸ் தைலம். வெளிப்பூச்சுக்கு மட்டும்.”

“இருமல் மருந்து. ஒண்ணாம் வகுப்புப் புள்ளைக்கு. பெரிய குப்பி ஒடஞ்சிரும்னு அவங்க அம்மா கழுவி ஊத்திக் குடுத்திருக்காங்க. பாசமாத்தான் செஞ்சிருக்காங்க. இந்தா இதுவும் அதே கடைக் குப்பி. இதுல நெசமாவே தைலந்தான் இருக்கு, ஜலதோசத்துக்குத் துணியில ரெண்டு சொட்டு விட்டு மோந்து பாக்க. ரெண்டும் ஒரே நாள் வந்துச்சு.” இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பச்சைக் கண்ணாடிக்குள் இரண்டும் ஒரே நிறம். “எங்க வீடு பழனி அடிவாரத்துல, தம்பி. எங்க அண்ணன் பஞ்சாமிர்த டப்பா ஏவாரம். அழகான லேபிளு எனக்கும் தெரியும். நல்லாத்தான் வரையிறீங்க.”



அவர் பதிவேட்டைத் திறந்தார். தேதி, நேரம், பெயர், வகுப்பு, கொடுத்த மருந்து, எத்தனை. ஒரு கட்டத்தின் தலைப்பு: வீட்டிலிருந்து வந்த மருந்து ஏற்கப்படாததற்குக் காரணம். அவர் பேனா அங்கே நின்றது. யோசித்தார். பிறகு ஒரே வார்த்தை எழுதினார். என் பக்கம் திருப்பிக் கையெழுத்துக் கேட்டார்.

லேபிள்.

கையெழுத்துப் போட்டேன்.

“இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டிருங்க. நாலு நாள் மாறிப் போச்சுன்னு அப்படியே சொல்லுங்க, மறைக்காம. அவரு பாத்துச் சொல்லுவாரு.” ஸ்பேசரைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: “அக்காட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?”

“நானே சொல்றேன், சிஸ்டர்.”

ஆஃப்ராவைப் பைக்கில் முன்னால் உட்காரவைத்து என் ஜாக்கெட்டுக்குள் போட்டு மூடிக்கொண்டு இறங்கினேன். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார், விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தார். காபிக்கலர் மருந்தை அன்று ராத்திரியிலிருந்தே பழையபடி கொடுக்கச் சொன்னார். நீலம் இரண்டு நாளைக்கு இத்தனை மணிக்கு ஒருமுறை என்று எழுதினார். அதற்குள் கூடினால் உடனே வரச் சொன்னார். சிக் ரூமில் வைக்க இன்னொரு நீலத்துக்கும் சீட்டு எழுதித் தந்தார். எப்படி மாறியது என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்தார். என்ன படிக்கிற என்று மட்டும் கேட்டார்.

வரும் வழியில் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மாமா, அந்த லேபிள் நல்லாத்தான் இருந்துச்சு. எங்க கிளாஸ் ஆஃப்ரீன் கூட அவளுக்கு ஒண்ணு கேட்டா.”

“அவளுக்கு என்ன, வீசிங்கா?”

“இல்ல. அவளுக்குச் சும்மா.”

சாயந்தரம் ஆறு மணிக்கு அக்கா வந்தாள். நிக்காஹ் வீட்டுப் பூ இன்னும் தலையில் இருந்தது. கடையில் வைத்துச் சொல்ல வேண்டாம் என்று அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போனேன். சொல்வதற்கு நல்ல ஒரு தொடக்கம் யோசித்து வைத்திருந்தேன். அது வரவில்லை. “நான் ரெண்டையும் மாத்திப் போட்டுட்டேன்க்கா” என்பதுதான் வந்தது. மீதியும் வந்தது; வாரம், இருமல், பி.டி. பீரியட், நாலு தடவை.

அவள் உட்காரவில்லை. ஆஃப்ரா தூங்கும் அறைக் கதவு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அக்கா திட்டினால் பஜார் முழுக்கக் கேட்கும், அப்புறம் சரியாகிவிடும்.

“நாந்தான ஏலே குடுத்தேன்,” என்றாள். “காலைலயும் ராத்திரியும் நாந்தான வாயில வச்சு அமுக்குனேன். அமுக்கும்போது குப்பி மினுமினுன்னு இருந்துச்சு. ஏந்தம்பி ஒட்டுனதுன்னு பாத்தேன்.”

அத்தா கடையிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று கூப்பிட்டார். யாரும் போகவில்லை.

மறுநாளும் அதற்கு மறுநாளும் மஞ்சு அப்படியேதான் இருந்தது. சனிக்கிழமை ராத்திரி ஆஃப்ரா ஒரே ஒருமுறை இருமினாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதுவும் இல்லை. அக்கா நடுவில் இரண்டு முறை எழுந்து கேட்டுப் பார்த்ததாகச் சொன்னாள். மூன்று முறை, அவள் எழும் சத்தத்தை நான் எண்ணினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் நல்ல கூட்டம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரிப் பஸ் நிறையப் பசங்கள், ஒருவன் தேன் குப்பியைத் தூக்கிப் பிடித்து, “லேபிள் சூப்பரா இருக்குண்ணே, யாரு பண்ணது?” என்று அத்தாவிடம் கேட்டான். அத்தா பின்னால் கையைக் காட்டியிருப்பார். நான் அடுப்பங்கரையில் இருந்தேன்.

தட்டில் நீலக் கூடு மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. காபிக்கலரைச் செவ்வாய்க்கிழமைதான் கழுவுவது என்று முடிவாகியிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கக் கூடாது என்பதற்காக. முடிவு செய்தது யார் என்று அக்கா கேட்கவில்லை. மேஜையில் சிக் ரூமுக்கான புது இன்ஹேலர், பெட்டியோடு. டாக்டர் சீட்டின் நகல். பக்கத்தில் எண்ணெய்க் கறை ஏறிய அந்தத் தாள். அதன் அடிப்பாகத்தில் இருந்த படிவம். எந்தச் சமயத்தில் கொடுக்க வேண்டும், எத்தனை தடவை, எத்தனை நிமிடம் பார்க்க வேண்டும், குறையாவிட்டால் எந்த எண். ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தை மட்டும் அக்காவுக்கு விட்டுவைத்தேன். கொண்டுவந்து கொடுப்பவர் என்ற இடத்தில் என் பெயர்.

வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருளிலிருந்து ஒரு விரல்கடை அகலத்துக்கு வெட்டினேன். கத்தரிக்கோல் பசையில் ஒட்டிக்கொண்டது; ஓரம் கோணலாக வந்தது. வேறு வெட்டவில்லை. பால்பாயின்ட் பேனா பிளாஸ்திரியின் நெசவில் தடுக்கித் தடுக்கிப் போனது. ஆ பெரிதாகவும் ஃப்ரா சின்னதாகவும் விழுந்தது. 3 ஆ என்று எழுதியதில் 3 பாதி விளிம்பில் ஏறியது.

புது இன்ஹேலரின் குப்பியைக் கழற்றி வெளிச்சத்துக்குத் திருப்பினேன். மருந்தின் பெயர் ஒரு பக்கம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் காலாவதித் தேதி. இரண்டுக்கும் எதிர்ப்பக்கத்தில், வெறும் அலுமினியம் தெரியும் இடத்தில், பிளாஸ்திரியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். திருப்பி இன்னொரு முறை பெயரைப் படித்தேன், வாய்விட்டு. அப்புறம் அதன் நீலக் கூட்டிலேயே போட்டேன்.

“என்னலே பண்ற?” என்றாள் அக்கா வாசலிலிருந்து.

“ஒண்ணுமில்ல,” என்றேன். அடுத்த துண்டை வெட்டினேன்.